வாடகை ஒப்பந்தம் முடிவதை 90 நாள் முன்பே நிறம் காட்டிச் சொல்லும் ஷீட்

தமிழ்நாட்டில் கடையையோ வீட்டையோ வாடகைக்கு விடும்போது பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான் எழுதுகிறோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. (தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்த பிறகு எழுத்துமூல ஒப்பந்தத்துக்கும் வாடகை அதிகார அமைப்பில் பதிவதற்கும் தனி விதிகள் உண்டு. அது வேறு கதை.)

11 மாதக் கணக்கில் ஒரு தொல்லை இருக்கிறது. ஏப்ரல் 1இல் தொடங்கிய ஒப்பந்தம் பிப்ரவரி கடைசி நாளில் முடியும். அதைப் புதுப்பித்தால் அடுத்தது ஜனவரி 31இல் முடியும், அதற்கடுத்தது டிசம்பர் 31இல். வருடத்துக்கு ஒரு மாதம் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். “போன தடவை பிப்ரவரியில்தானே கையெழுத்துப் போட்டோம்” என்று ஞாபகத்தை நம்பியிருப்பவருக்கு ஜனவரி முடிந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். ஒரே வீடு என்றால் சமாளிக்கலாம். ஒரு கட்டடத்தில் ஆறேழு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதத்தில் வந்தவர்கள் என்றால் ஞாபகம் போதாது.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ ஒரு பட்டியல், அதில் நாலைந்து ஃபார்முலா, நிறத்துக்கு நாலைந்து விதி, அவ்வளவுதான். திறந்தவுடன் எந்த ஒப்பந்தத்தைப் பற்றி இப்போதே பேசத் தொடங்க வேண்டும் என்று மஞ்சளாகவும், எது கழுத்துக்கு வந்துவிட்டது என்று ஆரஞ்சாகவும் காட்டும். இதைத்தான் லீஸ் டாஷ்போர்டு என்கிறார்கள். செய்வது சுலபம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகள் ஒரு தவறான தேதியிலிருந்து 90 நாளை எண்ணுகின்றன. அதனால் முதலில் அந்தத் தேதியைப் பார்த்துவிடுவோம்.

எந்த நாளிலிருந்து 90?

ஒரு சின்ன கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே மருந்துக்கடை, அதன் பக்கத்தில் ஒரு ஏடிஎம் அறை, ஒரு தையல்கடை. முதல் மாடியில் ஒரு வீடு, ஓர் ஆபீஸ். இன்று 2025 டிசம்பர் 1 என்று வைத்துக்கொள்வோம்.

மருந்துக்கடை 2025 ஏப்ரல் 1இல் வந்தது. 11 மாதம் என்றால் 2026 பிப்ரவரி 28இல் முடிகிறது. இன்றிலிருந்து 89 நாள். 90க்குள் வந்துவிட்டது, மஞ்சள் ஆகிவிடும். சரி.

ஏடிஎம் அறை 2023 மார்ச் 15இல் தொடங்கிய மூன்று வருட ஒப்பந்தம். 2026 மார்ச் 14இல் முடிகிறது. இன்றிலிருந்து 103 நாள். 90க்கு வெளியே இருப்பதால் நிறம் ஏதும் இல்லை. நிம்மதியாக இருக்கலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் ஒப்பந்தத்தைப் புரட்டினால் உள்ளே ஒரு வரி இருக்கிறது: புதுப்பிக்கவோ காலி செய்யவோ விரும்பும் தரப்பு, காலம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மார்ச் 14இலிருந்து 90 நாள் பின்னால் எண்ணினால் டிசம்பர் 14. அதாவது, உண்மையில் கையில் இருப்பது 13 நாள். முடியும் தேதியை மட்டும் பார்க்கும் ஷீட் இந்த வரிசையை டிசம்பர் 14ஆம் தேதி அன்றுதான் மஞ்சளாக்கும். நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் அதுவே. அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு.

ஆகவே எண்ண வேண்டியது ஒப்பந்தம் முடியும் நாளை வைத்து அல்ல. நாம் ஏதாவது செய்வதற்கு இருக்கும் கடைசி நாளை வைத்து. ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, அதை முடியும் தேதியிலிருந்து கழித்தால் அந்தக் கடைசி நாள் கிடைக்கும். 90 நாள் அதற்கு முன்னால் வர வேண்டும். வாடகை உயர்வைப் பேசி முடிக்கவும், ஒத்துவரவில்லை என்றால் புரோக்கரிடம் சொல்லி வேறு ஆள் பார்க்கத் தொடங்கவும் அந்த அவகாசம் தேவை.

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரியே இல்லை என்றாலும் முன்னறிவிப்பை வெறுமனே விட்டுவிட வேண்டாம். நமக்கு நாமே ஓர் எண் போட்டுக்கொள்வது நல்லது. சாதாரணக் கடைக்கு 30 போதும். போக்கியத்துக்கு விட்ட வீடு என்றால் நான் 90க்குக் குறைவாகப் போடமாட்டேன். வாங்கிய மொத்தத் தொகையையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பணத்தைப் புரட்டவே மாதங்கள் ஆகும்.

பட்டியல்

கூகுள் ஷீட்ஸில் புதிய ஃபைல் திறந்து, கீழே உள்ள முதல் ஷீட்டுக்கு Leases என்று பெயர் வையுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள். A பத்தியில் இடம், B வாடகைதாரர், C தொடங்கிய நாள், D எத்தனை மாதம், E முடியும் நாள், F முன்னறிவிப்பு நாட்கள், G கடைசி நாள், H மீதி நாட்கள், I நிலை, J நம் கைக்குறிப்பு.

இதில் A, B, C, D, F, J ஆகியவற்றை மட்டும்தான் கையால் அடிப்போம். மற்றவை ஃபார்முலா.

இதற்கு முன் ஒரு வேலை: File > Settings போய் Locale என்பதை India என்றும், Time zone என்பதை இந்திய நேரத்துக்கும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் வரும் பிழை கண்ணுக்கே தெரியாது. Locale அமெரிக்காவாக இருந்து நீங்கள் 05/03/2026 என்று அடித்தால், ஷீட் அதை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். எந்தச் சிவப்புக் கோடும் வராது, எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டு மாதம் தள்ளிப்போன தேதி அமைதியாக உட்கார்ந்திருக்கும். 25/03/2026 என்று அடித்தால் 25ஆவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்கலாம்: தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். முதல் வகையைப் பிடிக்க ஒரே வழி, தேதிப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து Format > Number > Custom date and time போய், மாதம் Mar, Dec என்று எழுத்தில் தெரியும் வடிவத்தை வைப்பதுதான். 5-Mar-2026 என்று இருந்தால் யாரும் மே என்று படிக்க முடியாது.

அடுத்து L1 செல்லில் இன்றைய தேதி:

```
=TODAY()
```

ஒவ்வொரு ஃபார்முலாவிலும் TODAY() என்று நேரடியாக எழுதலாமே, எதற்குத் தனியாக ஒரு செல் என்று தோன்றலாம். ஷீட் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கத்தான். L1இல் கையால் 1-Dec-2025 என்று அடித்தால், ஷீட் முழுவதும் அந்த நாளில் நிற்பதுபோல் காட்டும். இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி போட்டால் அப்போது எந்த வரிசை எந்த நிறத்துக்குப் போகும் என்று இப்போதே பார்க்கலாம். சோதனை முடிந்ததும் மறக்காமல் =TODAY() திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஷீட் அந்தத் தேதியிலேயே உறைந்துவிடும். மறதிக்கு மருந்தாக L1க்கே ஒரு நிற விதி பிறகு வைப்போம்.

நான்கு ஃபார்முலா

முடியும் நாள், E2 செல்லில்:

```
=IF(AND(ISNUMBER(C2),ISNUMBER(D2)),EDATE(C2,D2)-1,"")
```

EDATE என்பது ஒரு தேதியோடு இத்தனை மாதம் கூட்டு என்று சொல்வது. 2025 ஏப்ரல் 1உடன் 11 மாதம் கூட்டினால் 2026 மார்ச் 1. ஒப்பந்தம் அதற்கு முந்தின நாளோடு முடிகிறது, அதனால் ஒன்றைக் கழிக்கிறோம். ISNUMBER எதற்கு என்றால், ஷீட்டைப் பொறுத்தவரை தேதி என்பது ஓர் எண்தான். C2இல் உண்மையான தேதி இல்லாமல் எழுத்தாகக் கிடந்தால், கணக்குப் போடாமல் வெறுமனே விட்டுவிடும். அந்த வெறுமை கடைசியில் ஓர் எச்சரிக்கையாக மாறும்.

இந்தக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். மாதக் கடைசியில் தொடங்கும் ஒப்பந்தத்தில் EDATE ஒரு நாள் பிசகும். மார்ச் 31இல் தொடங்கி 11 மாதம் என்றால் அது பிப்ரவரி 28 என்று நிறுத்தும், நம் ஃபார்முலா ஒன்று கழித்து 27 என்று காட்டும். ஒப்பந்தப் பத்திரத்தில் முடியும் தேதியே எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. பத்திரமும் ஷீட்டும் வேறுபட்டால் ஃபார்முலாவை அழித்துவிட்டு, பத்திரத்தில் உள்ள தேதியை E பத்தியில் கையால் அடித்துவிடுங்கள்.

கடைசி நாள், G2 செல்லில்:

```
=IF(AND(ISNUMBER(E2),ISNUMBER(F2)),E2-F2,"")
```

F2வையும் ஏன் சோதிக்கிறோம்? வெறும் செல்லை ஷீட் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஏடிஎம் வரிசையில் முன்னறிவிப்பு நாளை நிரப்ப மறந்தால், கடைசி நாள் என்று மார்ச் 14ஐயே காட்டிவிடும். முதலில் பேசிய அதே சிக்கல், வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். முன்னறிவிப்பு உண்மையிலேயே தேவையில்லை என்றால் 0 என்று அடியுங்கள். அப்போது அது நீங்கள் எடுத்த முடிவு.

மீதி நாட்கள், H2 செல்லில்:

```
=IF(ISNUMBER(G2),G2-$L$1,"")
```

$ குறி எதற்கு? ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது G2 என்பது G3, G4 என்று மாறும், மாற வேண்டும். L1 மாறக்கூடாது, அதனால் பூட்டிவிடுகிறோம். இங்கே எண் வராமல் 1900ஆம் ஆண்டின் ஏதோ ஒரு தேதி வந்தால் பயப்பட வேண்டாம். செல்லின் வடிவம் தேதியாக இருக்கிறது, அவ்வளவுதான். Format > Number > Number என்று மாற்றினால் நாள் எண்ணிக்கை தெரியும்.

கடைசியாக நிலை, I2 செல்லில்:

```
=IF(OR(A2="",J2="மூடியது"),"",
 IF(NOT(ISNUMBER(H2)),"தேதி பார்",
 IF(E2<$L$1,"முடிந்தது",
 IF(H2<0,"தாண்டியது",
 IF(H2<=30,"அவசரம்",
 IF(H2<=90,"பேசு","பிறகு"))))))
```

நீளமாக இருந்தாலும் மேலிருந்து கீழே வாசித்தால் சாதாரணப் பேச்சுதான். வரிசை காலியா, அல்லது நாம் மூடிவிட்டோமா? அப்படியானால் ஒன்றும் சொல்லாதே. மீதி நாள் எண்ணாக இல்லையா? தேதியைப் பார் என்று சொல். ஒப்பந்தமே முடிந்துவிட்டதா? நாம் செயல்பட வேண்டிய நாள் தாண்டிவிட்டதா? 30 நாளுக்குள்ளா? 90 நாளுக்குள்ளா? எதுவும் இல்லை என்றால் பிறகு பார்க்கலாம். இந்த வரிசை முக்கியம். IF முதலில் எது உண்மையோ அங்கேயே நின்றுவிடும். 90ஐச் சோதிக்கும் வரியை மேலே கொண்டுபோனால், 13 நாள் மீதி உள்ள ஏடிஎம்மும் 90க்குள்தானே இருக்கிறது என்று ‘பேசு’ என்றே காட்டும். ‘அவசரம்’ ஒருபோதும் வராது.

இப்போது E2, G2, H2, I2 நான்கையும் நூறாவது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். L1இல் 1-Dec-2025 போட்டு நம் கட்டடத்தை நிரப்பினால் இப்படி வர வேண்டும்:

| இடம் | தொடக்கம் | மாதம் | முடிவு | முன்னறிவிப்பு | கடைசி நாள் | மீதி | நிலை |
|---|---|---|---|---|---|---|---|
| மருந்துக்கடை | 1-Apr-2025 | 11 | 28-Feb-2026 | 30 | 29-Jan-2026 | 59 | பேசு |
| ஏடிஎம் அறை | 15-Mar-2023 | 36 | 14-Mar-2026 | 90 | 14-Dec-2025 | 13 | அவசரம் |
| மாடி வீடு | 10-Jan-2025 | 11 | 9-Dec-2025 | 30 | 9-Nov-2025 | -22 | தாண்டியது |
| தையல்கடை | 1-Aug-2025 | 11 | 30-Jun-2026 | 30 | 31-May-2026 | 181 | பிறகு |
| ஆபீஸ் | 1-Nov-2024 | 11 | 30-Sep-2025 | 30 | 31-Aug-2025 | -92 | முடிந்தது |

உங்கள் ஷீட்டிலும் இதே எண்கள் வந்தால் ஃபார்முலா சரி. ஆபீஸ் வரிசையைப் பாருங்கள். ஒப்பந்தம் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் வாடகை பழைய தொகையிலேயே வந்துகொண்டிருக்கும், நாமும் வாங்கிக்கொண்டிருப்போம். யாருக்கும் உறுத்தாது. வாடகை 18,000 ரூபாய், புதுப்பிக்கும்போது 5 சதவீதம் கூட்டுவது என்று பேச்சு இருந்தால், இப்படி ஓடும் ஒவ்வொரு மாதமும் 900 ரூபாய் விட்டுப்போகிறது. பணத்தைவிட, கையில் நடப்பு ஒப்பந்தம் இல்லாமல் ஒருவர் இடத்தில் இருக்கிறார் என்பதுதான் கவலைப்பட வேண்டியது. சட்டப்படி அவர் நிலை என்ன என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். ஷீட் செய்யக்கூடியது, அதை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே காட்டுவது.

நிறம்

A2 முதல் J100 வரை தேர்ந்தெடுத்து Format > Conditional formatting போங்கள். Format rules என்ற இடத்தில் Custom formula is என்பதைத் தேர்ந்து, முதல் விதியாக இதை எழுதுங்கள்:

```
=$I2="பேசு"
```

நிறம் இள மஞ்சள். Add another rule அழுத்தி மற்றவற்றையும் இதேபோல் சேர்க்க வேண்டும். ‘அவசரம்’ ஆரஞ்சு, ‘தாண்டியது’ சிவப்பு, ‘முடிந்தது’ அடர் சிவப்பில் வெள்ளை எழுத்து, ‘தேதி பார்’ ஊதா. கூடவே L1 செல்லுக்குத் தனியாக ஒரு விதி:

```
=$L$1<>TODAY()
```

இதற்கும் கண்ணைக் குத்தும் ஒரு நிறம் கொடுத்துவிட்டால், சோதனைத் தேதியை எடுக்க மறந்தது தெரிந்துவிடும்.

‘பிறகு’ என்ற நிலைக்குப் பச்சை கொடுக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. இருபது வரிசையில் பதினாறு பச்சையாக இருந்தால் கண் முதலில் பச்சையைத்தான் பார்க்கும், நடுவில் உள்ள ஒரு மஞ்சள் அதில் கரைந்துவிடும். வேலை இல்லாத வரிசை வெள்ளையாகவே இருக்கட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு, கறுப்பு-வெள்ளையில் பிரிண்ட் எடுப்பவர்களும் உண்டு. நிலையைச் சொல்லாகவும் ஒரு பத்தியில் வைத்திருப்பதால் அவர்களுக்கும் ஷீட் பேசும்.

இங்கே புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. $I2 என்பதில் $ விட்டுப்போனால், வரிசை முழுவதும் நிறமாகாமல் ஏதோ ஒரு செல் மட்டும் நிறமாகும். தேர்ந்தெடுத்தது A2இலிருந்து, ஆனால் விதியில் $I1 என்று எழுதிவிட்டால், நிறம் ஒரு வரிசை தள்ளி விழும். ‘அவசரம்’ என்ற சொல் ஏடிஎம் வரிசையில் இருக்க, ஆரஞ்சு அதற்கடுத்த மாடி வீட்டில் இருக்கும். சொல்லும் நிறமும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிற்பாடு வரும் கோளாறு ஒன்றும் உண்டு. வேறு இடத்திலிருந்து வரிசைகளைக் காப்பி செய்து ஒட்டும்போது அவற்றின் பழைய நிற விதிகளும் கூடவே ஒட்டிக்கொள்ளும். சில மாதத்தில் விதிகளின் பட்டியல் துண்டு துண்டாகி, எந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. ஒட்டும்போது Ctrl+Shift+V அழுத்தினால் மதிப்பு மட்டும் வரும், விதிகள் வராது.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு Home > Conditional Formatting > New Rule > Use a formula to determine which cells to format. மேலே உள்ள ஃபார்முலாக்கள் அங்கேயும் அப்படியே ஓடும். அடுத்து முகப்பில் வரும் FILTER ஃபார்முலா மட்டும் கூகுள் ஷீட்ஸுக்கானது, எக்செல்லில் அப்படியே ஓடாது.

முகப்பு

பட்டியலில் நூறு வரிசை இருந்தால் நிறம் மட்டும் போதாது, கீழே உருட்டித் தேட வேண்டியிருக்கும். அதனால் இரண்டாவது ஷீட் ஒன்று சேர்த்து, வேலை உள்ள வரிசைகளை மட்டும் அங்கே வரவழைப்போம். A5 செல்லில்:

```
=IFNA(SORT(FILTER(Leases!A2:I100,
 ISNUMBER(Leases!H2:H100),
 Leases!H2:H100<=90,
 Leases!J2:J100<>"மூடியது"),8,TRUE),"எதுவும் இல்லை")
```

FILTER என்பது 90 நாளுக்குள் உள்ளவற்றைச் சலித்து எடுக்கிறது. SORT எட்டாவது பத்தியான மீதி நாட்களை வைத்து, மிகவும் நாள் கடந்ததை மேலே கொண்டுவருகிறது. நம் கட்டடத்தில் ஆபீஸ், மாடி வீடு, ஏடிஎம், மருந்துக்கடை என்ற வரிசையில் நான்கு வரும், தையல்கடை வராது. தேதிகள் 46081 போன்ற எண்ணாகத் தெரிந்தால், அந்தப் பத்திகளுக்குத் தேதி வடிவம் கொடுத்தால் சரியாகிவிடும். 46081 என்பது ஷீட்டின் கணக்கில் 2026 பிப்ரவரி 28.

இங்கே பலர் IFNA என்பதற்குப் பதிலாக IFERROR போடுவார்கள். வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் FILTER எதையும் கண்டுபிடிக்காதபோது #N/A தருகிறது, IFNA அதை மட்டும்தான் ‘எதுவும் இல்லை’ என்று மாற்றும். IFERROR எல்லாப் பிழையையும் விழுங்கிவிடும். யாராவது ஒரு பத்தியை அழித்து ஃபார்முலா உடைந்துபோனாலும் ‘எதுவும் இல்லை’ என்று சாந்தமாகச் சொல்லும். எச்சரிக்க வேண்டிய ஷீட் பொய்யாக ஆறுதல் சொல்வதைவிட, அசிங்கமாக #REF! காட்டுவது எவ்வளவோ மேல்.

தேதி சரியாக இல்லாத வரிசைகள் இந்தச் சலிப்பில் வராது, ஏனென்றால் அவற்றுக்கு மீதி நாளே கிடையாது. அதனால் மேலே B1இல் அவற்றின் எண்ணிக்கையைத் தனியாக வைக்க வேண்டும்:

```
=COUNTIF(Leases!I2:I100,"தேதி பார்")
```

இது பூஜ்யமாக இருந்தால்தான் கீழே உள்ள பட்டியலை நம்பலாம். வேண்டுமானால் ‘பேசு’, ‘அவசரம்’, ‘தாண்டியது’ ஆகியவற்றுக்கும் இதேபோல் எண்ணிக்கை போட்டுக்கொள்ளுங்கள். வட்ட வரைபடமெல்லாம் ஐந்து கடைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

புதுப்பித்த பிறகு

மருந்துக்கடைக்காரர் புது வாடகைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரிசையில் தேதியை அடித்து மாற்றத் தோன்றும். அப்படிச் செய்தால் போன ஒப்பந்தம் எப்போது தொடங்கியது என்ற தகவல் போய்விடும். பழைய வரிசையின் J பத்தியில் ‘மூடியது’ என்று போடுங்கள், அதன் நிறம் தானாகப் போய்விடும். கீழே புது வரிசை: தொடக்கம் 1-Mar-2026, 11 மாதம், முன்னறிவிப்பு 30. முடிவு 31-Jan-2027 என்றும், கடைசி நாள் 1-Jan-2027 என்றும் தானாக வரும். இந்த வரிசை அடுத்து மஞ்சளாவது 2026 அக்டோபர் 3இல்.

‘மூடியது’ என்பதைக் கையால் அடிக்காமல் Data > Data validation வழியாக ஒரு கீழ்விரிப் பட்டியலில் வைப்பது நல்லது. ஃபார்முலா எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ‘மூடியாச்சு’ என்று அடித்தாலோ பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலோ அதற்குப் புரியாது, சிவப்பு அப்படியே நிற்கும். பட்டியலில் ‘பேச்சில்’ என்று இன்னொரு சொல்லும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்காக நிறத்தை எடுக்கக்கூடாது. பேச்சு நடக்கிறது என்பதால் நாள் நின்றுவிடுவதில்லை. பத்திரத்தில் கையெழுத்து விழும்வரை அது மஞ்சளோ ஆரஞ்சோ, அப்படியே இருக்கட்டும். காலி செய்துவிட்டுப் போனவருக்கும் இதே ‘மூடியது’தான், சாவி கைக்கு வந்த பிறகு.

இந்த ஷீட் தானாக யாரையும் கூப்பிடாது. திறந்தால்தான் L1 இன்றைய தேதிக்கு வரும், நிறம் மாறும். ஃபோன் காலண்டரில் திங்கட்கிழமை காலைக்கு ஒரு நினைவூட்டல் வைத்து, அதன் குறிப்பில் ஷீட்டின் லிங்க்கை ஒட்டிவிட்டால் போதும். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் 90 நாள் எச்சரிக்கை அதிகபட்சம் ஆறு நாள் பிந்தும், 84 நாள் மீதி இருக்கும். மாதம் ஒருமுறைதான் பார்ப்பேன் என்பவர்கள் ஃபார்முலாவிலும் முகப்பிலும் உள்ள 90ஐ 120 ஆக்கிக்கொள்ளுங்கள்.